நாற்காலியை எங்கே போடுவது?

வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பேட்டி எடுக்கிறார்கள். அறையில் வெளிச்சம் வருவது ஜன்னல் பக்கம்தானே என்று நாற்காலியை அங்கேயே போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அவரை உட்கார வைக்கிறார்கள். நேரில் பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. படத்தில் ஜன்னல் வெள்ளை வெளேரென்று எரிகிறது. அவருடைய முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரிய உருவம் ஒன்று பேசிக்கொண்டிருக்கிறது.

நம் கண் ஜன்னலைப் பார்க்கும்போது ஒரு விதமாகவும் முகத்தைப் பார்க்கும்போது வேறு விதமாகவும் நொடியில் சரிசெய்துகொள்ளும். கேமராவுக்கு அந்த வசதி இல்லை. ஒரு காட்சிக்கு ஒரே ஒரு வெளிச்ச அளவைத்தான் அது தேர்ந்தெடுக்க முடியும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் வானம், அறையின் நிழலில் இருக்கும் முகத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் பிரகாசமாக இருக்கலாம். வானத்தை வைத்து அளவு எடுத்தால் முகம் போய்விடும். முகத்தை வைத்து எடுத்தால் ஜன்னல் வெறும் வெள்ளைப் பட்டையாகிவிடும்.

உடனே கடைக்குப் போய் ஒரு ரிங் லைட் வாங்கி வந்து முகத்துக்கு நேரே வைப்பவர்கள் உண்டு. பகல் வானத்தோடு போட்டி போடும் தெம்பு சின்ன எல்இடி விளக்குக்குக் கிடையாது. அதற்காக அதை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தால் பேசுகிறவருக்குக் கண் கூசும், மூக்குக்கண்ணாடியில் வளையம் வளையமாகத் தெரியும். இங்கே தேவைப்படுவது இன்னொரு விளக்கு அல்ல. நாற்காலி இருக்கும் இடம்தான் மாற வேண்டும்.

பேட்டிக்கான ஒளியமைப்பில் உலகம் முழுக்கக் கற்பிக்கப்படும் பாடம் மூன்று விளக்குகளைப் பற்றியது. முகத்துக்கு வடிவம் கொடுக்கும் முதன்மை விளக்கு கீ லைட். அது ஒரு பக்கமாக நின்று அடிப்பதால் மறுபக்கம் விழும் நிழலை வேண்டிய அளவுக்குத் தணிப்பது ஃபில் லைட். பின்னாலிருந்து தலைமுடியிலும் தோளிலும் மெல்லிய கோடு போட்டு, ஆளைச் சுவரிலிருந்து பிரித்துக் காட்டுவது பேக் லைட். இந்த முறை இருட்டான பெரிய ஸ்டுடியோக்களில் வளர்ந்தது. அங்கே விளக்கைப் போட்டால்தான் ஒளி. சுவர்கள் தூரத்தில் இருக்கும். ஒரு விளக்கின் ஒளி எங்கே போய் முடிகிறது என்பது ஒளிப்பதிவாளரின் கையில் இருக்கும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் நிலைமை தலைகீழ். நீங்கள் கேட்காமலேயே ஜன்னல் வழியாக ஒளி வந்துகொண்டிருக்கிறது. அது நான்கு சுவர்களிலும் கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்பி எல்லாப் பக்கத்திலிருந்தும் முகத்தில் விழுகிறது. மூன்று விளக்குகளில் முதல் விளக்கு அறையில் தயாராக இருக்கிறது. இரண்டாவது விளக்கின் வேலையைச் சுவர்களே பாதி செய்துவிடுகின்றன. மீதியிருக்கும் வேலையில் பெரும்பகுதி, வந்த ஒளியில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தடுப்பது என்பதுதான்.

ஓர் அறையை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்த்துவிடலாம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரை அவர் வீட்டிலேயே பேட்டி எடுக்க வேண்டும். அறை கிழக்கு மேற்காகப் பன்னிரண்டு அடி, வடக்கு தெற்காகப் பத்தடி. வடக்குச் சுவரின் நடுவில் நாலடிக்கு நாலடி ஜன்னல். அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கிறது. தென்கிழக்கு மூலையில் ஒரு பீரோ. நடுவில் மின்விசிறி, தெற்குச் சுவரில் ஒரு டியூப்லைட்.

கேமராவை மேற்குச் சுவரை ஒட்டி வைத்துக் கிழக்கே பார்க்கச் செய்யலாம். ஆசிரியையின் நாற்காலி கிழக்குச் சுவரிலிருந்து நாலடி முன்னால் தள்ளி, ஜன்னல் சுவரிலிருந்தும் நாலடி விலகி இருக்கட்டும். கேள்வி கேட்பவர் கேமராவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, கேமராவை ஒட்டினாற்போல் உட்கார வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஆசிரியை அவரைப் பார்த்துப் பேசும்போது முகம் தானாகவே சற்று ஜன்னல் பக்கம் திரும்பும். ஜன்னலின் நடுப்பகுதி அவருக்கு இரண்டடி முன்னாலும் நாலடி பக்கவாட்டிலும் இருப்பதால், திரும்பிய முகத்தில் ஒளி ஏறக்குறைய நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வில் விழுகிறது. கேமராவுக்கு எட்டத்தில் இருக்கும் கன்னம் ஒளி பெறுகிறது. கிட்டத்தில் இருக்கும் கன்னம் மெல்லிய நிழலுக்குப் போகிறது. மூக்கு, கன்ன எலும்பு, தாடை எல்லாம் தனித்தனியே மேடு பள்ளமாகத் தெரிவது இதனால்தான்.

கேள்வி கேட்பவரைக் கேமராவுக்கு அந்தப் பக்கம், அதாவது தெற்குப் பக்கமாக உட்கார வைத்துப் பாருங்கள். ஆசிரியையின் முகம் ஜன்னலுக்கு எதிர்த்திசையில் திரும்பிவிடும். கேமரா பார்க்கும் கன்னம் முழுக்க வெளிச்சத்தில் தட்டையாகிவிடும்; கண்கள் இரண்டும் நிழல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அறை அதே, ஜன்னல் அதே. ஒரு நாற்காலி இடம் மாறியதில் படம் கெட்டுப்போகிறது.

சரியாக அமைந்ததா என்று தெரிந்துகொள்ளக் கண்களைப் பார்த்தால் போதும். இரண்டு கருவிழிகளிலும் ஜன்னல் ஒரு சின்ன வெள்ளைக் கட்டமாகப் பிரதிபலிக்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தால் ஆசிரியை ஜன்னலைத் தாண்டி முன்னால் வந்துவிட்டார், அல்லது முகம் போதுமான அளவு திரும்பவில்லை. "டீச்சர், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால தள்ளிக்கிறீங்களா?" என்று கேட்க வேண்டிய இடம் இது.

நாலடி என்ற தூரத்துக்கும் காரணம் உண்டு. ஒளி வரும் பரப்பு, முகத்திலிருந்து பார்க்கும்போது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு நிழலின் விளிம்பு மென்மையாக இருக்கும். நாலடி ஜன்னல் நாலடித் தூரத்தில் பெரிய பரப்பு. அதே ஜன்னல் பத்தடிக்கு அப்பால் சின்னப் பரப்பு. இன்னொன்று, ஒளி குறையும் வேகம். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இப்படிப்பட்ட ஜன்னலுக்கு நேர் எதிரே நாலடியில் கிடைக்கும் வெளிச்சம் எட்டடியில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆசிரியை ஜன்னலுக்கு அருகில் இருக்க, அவருக்குப் பின்னால் தெரியும் சுவர் ஜன்னலுக்குத் தூரத்தில் இருந்தால், சுவர் தானாகவே இருண்டு முகம் எடுப்பாகிறது. சுவரில் முதுகு சாயும்படி நாற்காலியைப் போட்டால் இந்த லாபம் போய்விடும்; தலைக்குப் பின்னால் நிழலும் விழும்.

கேமராவை ஓட விடும் முன் டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். அது பேட்டியில் நாலாவது விளக்கு. யாரும் அழைக்காமல் வந்த விளக்கு. பல டியூப்லைட்டுகளின் ஒளியில் கேமராவுக்குத் தெரியும் பச்சைச் சாயல் ஒன்று உண்டு. ஜன்னலின் நீலம் கலந்த பகல் ஒளி ஒரு கன்னத்திலும் இந்தப் பச்சை மறு கன்னத்திலும் விழுந்தால், பிறகு எந்தக் கணினியில் உட்கார்ந்து திருத்தினாலும் ஒன்றைச் சரிசெய்ய மற்றது கெடும்.

ஜன்னலில் நேர் வெயில் அடித்தால் அது பிரச்சினை. வெயில் என்பது தூரத்துச் சின்னப் புள்ளியிலிருந்து வரும் ஒளி. கத்தி வெட்டினாற்போல் நிழல் விழும், கம்பிகளின் கோடுகள் முகத்தில் படியும். ஐரோப்பிய நூல்களில் இதற்கு வழியாக வடக்கு ஜன்னலைச் சொல்வார்கள். அங்கே சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கே இருப்பதால் வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் வானத்தின் ஒளி மட்டும் வரும். ஓவியர்கள் வடக்கு ஜன்னல் உள்ள அறையைத் தேடிப் பிடித்தது அதனால்தான். தமிழ்நாட்டில் இந்தப் பாடம் பாதி ஆண்டுக்குத்தான் செல்லும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை சூரியன் உதிப்பதும் மறைவதும் வடக்கே சற்றுச் சாய்ந்தே. ஜூன் மாதத்தில் வடக்குச் சுவரில் காலையும் மாலையும் சாய்வெயில் படுவதைப் பார்க்காதவர் இருக்க முடியாது.

ஆகவே திசையை நம்புவதைவிடத் துணியை நம்பலாம். மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னல் முழுக்க இழுத்துக் கட்டினால், வெயில் அந்தத் துணியில் பட்டுச் சிதறி, துணி முழுவதுமே ஒளிரும் பரப்பாகிவிடும். படப்பிடிப்புத் தளங்களில் இதே வேலைக்கு பட்டர் பேப்பரைப் பயன்படுத்துவார்கள். வேட்டி பழுப்பேறியதாக இருக்கக் கூடாது. அந்த மஞ்சள் அப்படியே முகத்தில் ஏறும். வெளியே வெயில் அடிக்கும் சிமெண்ட் முற்றம் இருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. முற்றத்திலிருந்து எதிரொளித்து மேல்நோக்கி வரும் ஒளி, தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரங்களிலும் பட்டு முகத்தை விகாரமாக்கும். ஜன்னலின் கீழ்ப் பகுதியை ஓரடி உயரத்துக்குக் கனத்த துணியால் மறைத்தால் அந்த ஒளி நின்றுவிடும். மீதி ஒளி கண்மட்டத்துக்கு மேலிருந்து வரும்.

இப்போது நிழல் பக்கக் கன்னம். அதை எவ்வளவு இருட்டாக விடுவது என்பது தொழில்நுட்பக் கேள்வியைவிடவும் ரசனைக் கேள்வி. ஒளிப் பக்கம் நிழல் பக்கத்தைப் போல் இரண்டு மடங்கு வெளிச்சமாக இருந்தால் முகம் மலர்ச்சியாகத் தெரியும். சமையல், மருத்துவ ஆலோசனை போன்ற நிகழ்ச்சிகளுக்கு அது பொருந்தும். நாலு மடங்கு என்றால் முகத்தில் ஆழம் கூடும். வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துப் பேசுகிறவருக்கு அதுவே அழகு. எட்டு மடங்குக்குப் போனால் குற்றக் கதைபோல ஆகிவிடும். இந்த இரட்டிப்பு ஒவ்வொன்றையும் கேமராக்காரர்கள் ஒரு ஸ்டாப் என்பார்கள். ஆக, இரண்டு மடங்கு என்பது ஒரு ஸ்டாப், நாலு மடங்கு இரண்டு ஸ்டாப், எட்டு மடங்கு மூன்று.

ஆசிரியைக்கு நாலு மடங்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தெற்குச் சுவர் வெள்ளையாக இருந்தால் அது தரும் எதிரொளி இதைவிட அதிகமாகி முகத்தைத் தட்டையாக்கலாம். அப்போது செய்ய வேண்டியது ஒளி சேர்ப்பது அல்ல, எடுப்பது. நிழல் பக்கத்தில், கேமராவின் பார்வைக்குச் சற்று வெளியே, கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டால் சுவரிலிருந்து திரும்பும் ஒளியை அது விழுங்கிவிடும். ஒரு நாற்காலியின் மேல் போட்ட கறுப்புப் போர்வையே போதும். சுவர் தூரத்திலோ அடர்ந்த நிறத்திலோ இருந்து நிழல் மிகுந்துவிட்டால், அதே இடத்தில் வெள்ளைத் தெர்மகோல் பலகை. தமிழ் சினிமாத் தளத்தில் தெர்மகோல் தூக்காத உதவியாளர் கிடையாது. இரண்டடித் தூரத்தில் பிடித்துப் பார்த்து, முன்னும் பின்னுமாக நகர்த்தினால் கன்னத்தின் நிழல் கூடிக் குறைவது கண்ணெதிரே தெரியும். இதற்கென விளக்கு எதுவும் வேண்டாம். ஜன்னலின் ஒளிதான் திரும்பி வருகிறது. நிறம் மாறாது, மேகம் வந்தால் இரண்டும் சேர்ந்தே குறையும்.

நம் ஊர் வீடுகளில் தெர்மகோலுக்கு இன்னொரு பெரிய பயன் இருக்கிறது. கிளிப்பச்சை, ரோஸ், வான நீலம் என்று சுவர்களுக்கு அழுத்தமான வண்ணம் அடிப்பது இங்கே வழக்கம். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி பச்சையாகத்தான் திரும்பும். நிழல் பக்கக் கன்னம் சீக்காளிக் கன்னம்போல வெளிறித் தெரிந்தால் காரணம் கேமரா அல்ல, எதிர்ச் சுவர்தான். முகத்துக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே பெரிய வெள்ளைப் பலகையை வைத்துவிட்டால், பச்சை தடுக்கப்படுகிறது, சுத்தமான வெள்ளை ஒளி கிடைக்கிறது.

கேமராவின் தானியங்கி வசதிகளை இந்தக் கட்டத்தில் நிறுத்திவிட வேண்டும். ஆசிரியை கையை ஆட்டிப் பேசும்போதும், வெள்ளைத் துண்டை எடுத்து முகம் துடைக்கும்போதும் தானியங்கி அளவு படத்தை ஏற்றி இறக்கும். வெளிச்ச அளவைக் கையாலேயே பூட்டுங்கள். நிறத்தையும் அப்படியே: அவர் முகம் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதை வைத்து வெள்ளைச் சமநிலையைப் பதிந்துகொள்ளலாம். பகல் ஒளிக்கு 5600 கெல்வின் என்ற எண்ணைப் பல கேமராக்களில் பார்க்கலாம். ஆனால் மேகமூட்டத்தில் 6500ஐ ஒட்டியும், நீல வானத்தின் ஒளி மட்டும் வரும் ஜன்னலில் 8000ஐத் தாண்டியும் போகும். எண்ணைவிடத் தாள் நம்பகமானது.

கறுத்த தோலுக்கு வெளிச்ச அளவு எடுப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். முகம் சிவப்பாகத் தெரியவேண்டும் என்று அளவை ஏற்றிக்கொண்டே போவது ஒரு கெட்ட பழக்கம். ஏற்ற ஏற்ற வெள்ளை உடையும் பின்சுவரும் வெளுத்து, முகத்தின் நுணுக்கங்கள் கரைகின்றன. கறுத்த தோலின் வடிவம் பெரும்பாலும் அதன் மேல் விழும் பளபளப்பிலிருந்து கிடைக்கிறது. நெற்றியிலும் கன்ன மேட்டிலும் ஜன்னல் பிரதிபலிக்கும் அந்த மெல்லிய மினுக்கமே எலும்பின் அமைப்பைக் காட்டுகிறது. சின்ன விளக்கு என்றால் அது வியர்வைப் புள்ளியாகத் தெரியும். பெரிய ஜன்னல் என்றால் அகலமாக, இதமாகப் பரவும். ஆகவே கறுத்த முகத்துக்குப் பெரிய பரப்பிலிருந்து வரும் ஒளி வேண்டும். அதிக ஒளி வேண்டும் என்பதில்லை. அந்த முகத்தை அதன் நிறத்திலேயே காட்டும் படம்தான் நேர்மையான படம்.

மூன்றாவதான பேக் லைட்டுக்குத்தான் இந்த அறையில் உண்மையாகவே ஒரு விளக்கு வேண்டும். கறுத்த தலைமுடி, இருண்ட பின்சுவர் என்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஜன்னலுக்கு எதிர்மூலையில், அதாவது தென்கிழக்கில் இருக்கும் பீரோவின் மேல் கையடக்க எல்இடி ஒன்றைப் பகல் ஒளி நிறத்தில் வைத்து, ஆசிரியையின் தலையையும் இடது தோளையும் நோக்கிச் சாய்க்கலாம். சிறிய அறையில் விளக்குத் தாங்கியை நிறுத்தினால் அதன் கால் படத்தில் வந்துவிடும். பீரோ, பரண், கதவின் மேல்சட்டம் இவைதான் இங்கே தாங்கிகள். விளக்கின் ஒளி நேராகக் கேமரா லென்சில் பட்டால் படம் முழுவதும் பால் கலந்தாற்போல் வெளிறும். விளக்குக்கும் லென்சுக்கும் நடுவே ஓர் அட்டையை ஒட்டினால் சரியாகும்.

அளவு முக்கியம். இந்த விளக்கு எரிகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்தால் அது அதிகம். மெல்லக் கூட்டிக்கொண்டே போய், தோளின் கோடு கண்ணில் பட்டதும் சற்றுக் குறைத்துவிட வேண்டும். நரைத்த தலைக்கும் வழுக்கைக்கும் கறுத்த முடிக்குத் தேவைப்படுவதில் ஒரு பங்குகூட வேண்டாம். மல்லிகைப் பூ வைத்திருந்தால் முதலில் எரிவது பூதான்; அதைப் பார்த்தே குறைத்துக்கொள்ளலாம். விளக்கு மலிவானதாக இருந்தால் படத்தில் மெல்லிய பட்டைகள் ஓடலாம். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கிறது. நொடிக்கு 25 பிரேம் எடுத்து, ஷட்டரை 1/50 என்று வைத்தால் பட்டை பெரும்பாலும் மறையும். பல செல்போன்கள் நொடிக்கு 30 பிரேம் எடுக்கும்படியே வருகின்றன. அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆசிரியை கண்ணாடி போட்டிருக்கிறார். ஜன்னல் அதில் முழுதாகத் தெரிகிறது. கழற்றச் சொல்வது சரியல்ல. கண்ணாடியில்லாத முகம் அவருடைய முகமாக இருக்காது. காதின் மேல் இருக்கும் கண்ணாடிக் காம்புகளைச் சற்றுத் தூக்கிவிட்டால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து, பிரதிபலிப்பு கேமராவுக்குப் படாமல் கீழே போகும். போதாவிட்டால் கேள்வி கேட்பவர் கேமராவை இன்னும் நெருங்கி உட்காரலாம்.

எல்லாம் அமைந்த பிறகும் ஜன்னலை நம்ப முடியாத ஒரு விஷயம் உண்டு: நேரம். ஒரு மணி நேரத்தில் சூரியன் 15 டிகிரி நகர்கிறது. நடுவில் மேகம் வந்தால் வெளிச்சம் பாதியாகவோ காலாகவோ குறையும். படத்தொகுப்பில் முதல் கேள்வியின் பதிலையும் பத்தாவது கேள்வியின் பதிலையும் அடுத்தடுத்து வைக்கும்போது, பாதி வாக்கியத்தில் பொழுது மாறியதுபோல் இருக்கும். ஆகவே முக்கியமான கேள்விகளை முதல் அரை மணி நேரத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. ஒவ்வொரு பதிலின் முடிவிலும் வெளிச்ச அளவை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

மழைக்காலத்திலும் மாலையிலும் ஜன்னலே இல்லாமல் போய்விட்டால்? இதற்கு விடை சொன்னவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' 1956இல் வெளிவந்தது. அதில் வரும் காசி வீட்டின் உள்முற்றத்தைத் திறந்த வெளியில் அமைக்கத்தான் திட்டமிட்டிருந்தார்கள். மழைக்குப் பயந்து, கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அதைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் கட்டினார். வானத்திலிருந்து நிழலே விழாமல் இறங்கும் ஒளியை ஸ்டுடியோ விளக்குகளால் எப்படிக் கொண்டுவருவது என்பது மித்ராவின் கவலை. முற்றத்தின் மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழேயிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். முகங்களில் விழுந்தது துணியிலிருந்து திரும்பிய ஒளி. ஸ்டுடியோவில் எடுத்த காட்சி எது, காசியில் எடுத்தது எது என்று இன்றும் படம் பார்ப்பவர்களால் எளிதில் பிரிக்க முடிவதில்லை.

ஆசிரியையின் அறையிலும் அதையே செய்யலாம். ஜன்னலில் கட்டிய வேட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பெரிய எல்இடி ஒன்றை, ஆசிரியைக்கு நேராகத் திருப்பாமல், அறைக்குள்ளிருந்தே வேட்டியை நோக்கி அடித்தால், ஒளி மறுபடியும் ஜன்னல் இருந்த திசையிலிருந்தும் ஜன்னல் அளவிலேயும் வரும். துணி வழியாக வெளியே தப்பிப் போகும் ஒளியைக் குறைக்க வேட்டியை இரண்டாக மடித்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் கதவை அதன் பின்னால் சாத்திவிடுவது இன்னும் நல்லது. பகலில் கிடைத்த அளவு வெளிச்சம் கிடைக்காது. ஐஎஸ்ஓ 400இல் எடுத்ததை 1600க்கு உயர்த்த வேண்டியிருக்கும். அப்படி இரண்டு ஸ்டாப் உயர்த்தும்போது பீரோவின் மேலிருக்கும் விளக்கையும் இரண்டு ஸ்டாப், அதாவது கால் பங்காகக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பகலில் மெல்லிய கோடாக இருந்தது மாலையில் தோள் முழுக்க வெள்ளையாக எரியும்.